SEQUENCE வைத்து மாதக் காலண்டர் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், எக்செல்லில் தான் போட்ட காலண்டரைக் கொண்டுவந்து காட்டினார். எண்களை வரிசையாக நிரப்பித் தரும் SEQUENCE வைத்து எழுதிய ஒரே ஃபார்முலாவில் மாதம் முழுக்கக் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. நான் A1 செல்லில் இருந்த தேதியை 2026 ஆகஸ்ட் 1 என்று மாற்றினேன். 29-ஆம் தேதியோடு ஆகஸ்ட் முடிந்துவிட்டது! அவர் கவனிக்கவில்லை. நானும் ஒரு காலத்தில் இதே ஃபார்முலாவை மாதக்கணக்கில் கவனிக்காமல் ஓட்டியவன் என்பதால் திட்ட மனம் வரவில்லை.

தேதிக்குப் பதிலாக 46235 என்று எண் தெரிவது, வழியில் ஒரு செல் நிரம்பியிருந்ததால் #SPILL! வருவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை கண்ணில் பட்டுவிடும், நீங்களே சரிசெய்துவிடுவீர்கள். சத்தம் போடாமல் கெடுக்கிற தவறுகள்தான் எனக்குப் பிரச்சினை.

## ஐந்து வரிசை போதும் என்று நினைப்பது

தம்பி எழுதியிருந்தது இது:

```
=SEQUENCE(5,7,A1-WEEKDAY(A1)+1)
```

ஐந்து வரிசை, ஏழு பத்தி. மூன்றாவதாக இருப்பது கட்டத்தின் முதல் தேதி. WEEKDAY ஞாயிறுக்கு 1, சனிக்கு 7 என்று தரும். அதனால் அந்தக் கழித்தல், 1-ஆம் தேதி இருக்கும் வாரத்தின் ஞாயிற்றுக்கிழமைக்குப் பின்னோக்கிப் போய் நிற்கும். இதுவரை எல்லாம் சரி. தப்பு அந்த 5-இல் இருக்கிறது.

நான் மாட்டியது 2025-இல். ஓர் அலுவலகத்துக்குப் பணம் கட்ட வேண்டிய நாட்களையெல்லாம் நிறம் போட்டுக் காட்டும் காலண்டர் செய்து கொடுத்தேன். ஜனவரி புதன்கிழமை பிறந்தது, 31 நாளும் ஐந்து வரிசையில் அடங்கின. பிப்ரவரி சனிக்கிழமை பிறந்தது. முதல் வரிசையில் ஒரே ஒரு நாள்தான் என்றாலும் மாதத்துக்கு மொத்தமே 28 நாள் என்பதால் அதுவும் அடங்கிவிட்டது. இரண்டு மாதம் சரியாக வந்ததும் ஃபார்முலா சரி என்று முடிவு கட்டிவிட்டேன்.

மார்ச்சும் சனிக்கிழமைதான் பிறந்தது. கட்டம் பிப்ரவரி 23 ஞாயிறில் ஆரம்பித்தது. அங்கிருந்து 35 நாள் எண்ணினால் மார்ச் 29 வரும். 30, 31 இரண்டும் ஆறாவது வரிசைக்குப் போக வேண்டியவை, ஆனால் அந்த வரிசையே இல்லை. நிதியாண்டின் கடைசி நாள் காலண்டரில் காணாமல் போயிருந்தது. பராமரிப்பு ஒப்பந்தம் ஒன்றைப் புதுப்பிக்கக் கெடு 31-ஆம் தேதி. பட்டியலில் அந்தத் தேதி ஒழுங்காக இருந்தது, நிறம் போடும் விதியும் சரியாக இருந்தது, நிறம் விழுவதற்குத்தான் செல் இல்லை. ஏப்ரல் முதல் வாரத்தில் ஃபோன் வந்தது. புதுப்பிக்கும் தொகைக்குப் பதிலாகப் புது ஒப்பந்தத்துக்கான தொகையைக் கட்டினார்கள். அந்த வித்தியாசத்தை நினைத்தால் இன்னமும் எரிச்சலாக இருக்கிறது.

ஐந்து வரிசை என்ற பழக்கம் நமக்குச் சுவர்க் காலண்டரிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். அச்சடிக்கிறவர்கள் இடம் போதாவிட்டால் 30, 31 இரண்டையும் தூக்கி முதல் வரிசையின் காலிக் கட்டங்களில் வைத்துவிடுவார்கள். SEQUENCE அப்படி மடித்து வைக்காது. கேட்ட 35-ஐக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். பிழைச் செய்தியும் வராது.

எந்த மாதம் வெட்டுப்படும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 1-ஆம் தேதிக்கு முன்னால் உள்ள காலிக் கட்டங்களையும் மாதத்தின் நாட்களையும் கூட்டுங்கள், 35-ஐத் தாண்டினால் ஆறு வரிசை வேண்டும். ஞாயிறில் தொடங்கும் கட்டத்தில் 2025-க்கு மார்ச், ஆகஸ்ட், நவம்பர். 2026-க்கு மே, ஆகஸ்ட். ஆனால் இதை மனப்பாடம் செய்து பிரயோஜனம் இல்லை, ஏனென்றால் வாரத்தைத் திங்களில் தொடங்கினால் பட்டியலே மாறிவிடும். பேசாமல் எப்போதும் 6 போடுங்கள், பக்கத்து மாதத்து நாட்களை வெறுமையாக்கிவிடுங்கள்:

```
=LET(d,SEQUENCE(6,7,A1-WEEKDAY(A1)+1),
 IF(MONTH(d)=MONTH(A1),d,""))
```

கூகுள் ஷீட்ஸில் இதையே ARRAYFORMULA( ) உள்ளே போட வேண்டும்.

கட்டம் B4-இல் தொடங்கினால் H9 வரை வரும். அதற்கு வெளியே ஏதாவது ஒரு மூலையில் காவலுக்கு இதையும் வைத்துவிடுங்கள்:

```
=COUNT(B4:H9)=DAY(EOMONTH(A1,0))
```

கட்டத்தில் உள்ள தேதிகளின் எண்ணிக்கையும் மாதத்தின் நாட்களும் ஒத்துப்போனால் TRUE. என் பழைய ஃபார்முலாவை 5 வரிசையோடு இப்படி வெறுமையாக்கியிருந்தால், மார்ச்சில் 29-உம் 31-உம் ஒத்துப்போகாமல் FALSE வந்து அன்றைக்கே காட்டிக்கொடுத்திருக்கும்.

தம்பி 6 என்று மாற்றிவிட்டு, "அண்ணே, 2026 பிப்ரவரிக்குக் கீழே ரெண்டு வரிசை சும்மா கிடக்குதே" என்றார். அந்த மாதம் ஞாயிறில் பிறந்து 28 நாளில் முடிவதால் நான்கே வரிசை. கிடக்கட்டும் என்றேன்.

## DAY( ) போட்டு எண்ணாக மாற்றுவது

கட்டத்தில் 1, 2, 3 என்று மட்டும் தெரிய வேண்டும் என்பதற்காகச் சிலர் ஃபார்முலாவைச் சுற்றி DAY( ) போடுவார்கள். போட்டதும் அந்த செல்லில் தேதி போய்விடுகிறது, வெறும் 31 என்ற எண் மட்டுமே மிஞ்சுகிறது. அப்புறம் பட்டியலிலுள்ள தேதியோடு COUNTIF வைத்துப் பொருத்திப் பார்த்தால் எல்லாமே 0. செல்லின் வடிவமைப்பில் `d` என்று கொடுங்கள். கண்ணுக்கு 31 தெரியும், உள்ளே முழுத் தேதி இருக்கும்.

## தலைப்பு திங்கள், ஃபார்முலா ஞாயிறு

WEEKDAY(A1,2) என்று மாற்ற மறந்தால் மாதம் முழுக்க ஒரு நாள் நகர்ந்துவிடும்.

## A1-இல் மாதத்தின் நடுத் தேதி

கட்டத்தின் முதல் வாரம் மாதத்தின் பாதியில் தொடங்கும். =DATE(2026,8,1) என்றே எழுதுங்கள்.

## மாதத்துக்கு 30 என்று தாண்டுவது

இது கட்டத்தில் வருவதில்லை, தவணைத் தேதிகளைப் பட்டியலாகப் போடும்போது வரும். பன்னிரண்டு மாதத் தவணைக்கு `=SEQUENCE(12,1,A1,30)` என்று எழுதியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். A1-இல் 2026 ஜனவரி 1 இருக்கட்டும். இரண்டாவது தவணை ஜனவரி 31, மூன்றாவது மார்ச் 2. பிப்ரவரிக்குத் தவணையே இல்லை, ஜனவரிக்கு இரண்டு! கடைசித் தவணை டிசம்பருக்குப் போகாமல் நவம்பர் 27-இல் நிற்கும். SEQUENCE-க்கு மாதம் என்று ஒன்று தெரியாது, அதற்குத் தெரிந்தது நாட்கள்தான். மாதத்தை எண்ணும் வேலையை EDATE-இடம் விடுங்கள்:

```
=EDATE(A1,SEQUENCE(12,1,0))
```

இங்கே SEQUENCE 0 முதல் 11 வரை எண்களை மட்டும் தருகிறது. A1-இல் ஜனவரி 31 இருந்தால் பிப்ரவரிக்கு 28 வரும், மார்ச்சுக்கு மறுபடி 31 வந்துவிடும், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் A1-இலிருந்தே எண்ணுகிறது. மேல் செல்லோடு ஒரு மாதம் கூட்டிக் கீழே இழுத்துக்கொண்டு போனால் பிப்ரவரியில் 28 ஆனது, வருஷக் கடைசி வரை 28-ஆகவே இருக்கும்.

## கட்டத்துக்குப் பக்கத்தில் குறிப்பு எழுதுவது

A1-இல் மாதத்தை மாற்றினால் தேதிகள் நகரும், நீங்கள் கையால் எழுதிய "பால் காசு" நகராது. குறிப்புகளைத் தேதியோடு தனிப் பட்டியலில் வையுங்கள்.

## எக்செல் 2019-க்கு அனுப்புவது

அதில் SEQUENCE இல்லை. 2021 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு, இல்லையென்றால் 365 வேண்டும்.