ஷட்டருக்குக் கீழே தண்ணீர் எழுந்து நிற்கும் இடம்: நீர்த்தாவலின் உயரத்தைக் கணக்கிடுவது எப்படி?

பழனியிலிருந்து கொடைக்கானல் போகும் சாலையில் வரதமாநதி அணை வரும். அந்த அடிவாரப் பக்கத்தில் பாசனத்துக்குத் தண்ணீர் விட்டிருக்கும் நாளில் ஏதாவது ஒரு வாய்க்கால் ஷட்டர் பக்கம் நின்று பாருங்கள். ஷட்டரின் அடியிலிருந்து தண்ணீர் கண்ணாடி விரித்ததுபோல மெல்லிசாகப் பாய்ந்து வரும். கொஞ்ச தூரம் போனதும், எதிரே கல்லோ கட்டையோ எதுவும் இல்லாமலேயே, நுரைத்துச் சுருண்டு மேலே ஏறும். அதற்கு அப்புறம் ஆழமாக, நிதானமாக நகரும். ஒரு ஷட்டரைத் திறந்து மூடும் அண்ணன் ஒருவர் எனக்கு இதைக் காட்டி, "தண்ணி இங்க வந்துதான் எந்திரிச்சு நிக்குது" என்றார். பாடப் புத்தகத்தில் ஹைட்ராலிக் ஜம்ப், தமிழில் நீர்த்தாவல். அவர் சொன்னது அதைவிடத் துல்லியம்.

அது எவ்வளவு உயரம் எழுந்து நிற்கும் என்பதைக் கணக்கிடப் பார்ப்போம். பக்கச் சுவர் செங்குத்தாக, தரை ஏறக்குறைய மட்டமாக உள்ள செவ்வக வாய்க்காலை எடுத்துக்கொள்கிறேன். எண்கள் இவை: அகலம் 1.5 மீட்டர், ஷட்டருக்கு முன்னால் நிற்கும் தண்ணீரின் ஆழம் 1.30 மீட்டர், ஷட்டர் தரையிலிருந்து 18 சென்டிமீட்டர் தூக்கப்பட்டிருக்கிறது.

படி 1: மெல்லிய நீரின் ஆழம்

புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். ஷட்டர் 18 செ.மீ. திறந்திருப்பதால் கீழே வரும் தண்ணீரும் 18 செ.மீ. ஆழம் என்று எழுதிவிடுவார்கள். ஷட்டருக்கு முன்னால் உயரத்திலிருந்து இறங்கி வரும் தண்ணீர், விளிம்பைத் தாண்டியதும் சட்டென்று கிடைமட்டமாகத் திரும்பிவிட முடியாது. இன்னும் கீழ்நோக்கியே சாய்ந்து போய், சற்றுத் தள்ளித்தான் தரைக்கு இணையாகிறது. அதற்குள் அதன் ஆழம் குறைந்துவிடும். கூர்மையான அடி விளிம்புள்ள செங்குத்து ஷட்டருக்கு, இப்படிச் சுருங்கிய பிறகு மிஞ்சும் ஆழம் திறப்பில் சுமார் 0.61 பங்கு.

```
y1 = 0.61 × 0.18 = 0.11 மீ
```

இந்த 11 செ.மீ.தான் நம் கணக்கின் அடித்தளம். ஷட்டரின் அடி விளிம்பு உருண்டையாக இருந்தால் சுருக்கம் குறையும், அதாவது 0.61 என்பது பெரிதாகும். அதனால் கணக்கிடும் முன் விளிம்பைக் குனிந்து பார்த்துவிடுங்கள்.

படி 2: வேகம்

ஷட்டருக்கு முன்னும் பின்னும் ஆற்றல் சமன்பாட்டைத் தயங்காமல் பயன்படுத்தலாம். அந்தச் சின்ன தூரத்தில் தண்ணீர் வழுக்கிக்கொண்டு வருகிறது, சுழலில் வீணாவது மிகக் குறைவு. முன்பக்க ஆழத்தை y0 என்றும், புவியீர்ப்பு முடுக்கமான 9.81-ஐ g என்றும் வைத்து, இரண்டு பக்கமும் ஒரே அளவு தண்ணீர்தான் போகிறது என்பதையும் சேர்த்தால் இப்படி வரும்:

```
V1 = y0 × √( 2g / (y0 + y1) )
   = 1.30 × √( 19.62 / 1.41 ) = 4.85 மீ/வினாடி
q  = V1 × y1 = 0.533  (ஒரு மீட்டர் அகலத்துக்கு)
```

அகலம் 1.5 மீட்டர் என்பதால் மொத்தம் வினாடிக்கு 0.80 கன மீட்டர், அதாவது 800 லிட்டர்.

படி 3: வேகத்தை அலையோடு ஒப்பிடுவது

ஆழம் குறைந்த தண்ணீரில் ஒரு சிறு அலை ஓடும் வேகம் √(g × y). நம் 11 செ.மீ. தண்ணீரில் அது வினாடிக்கு 1.04 மீட்டர். தண்ணீரோ 4.85 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் ஃப்ரூடு எண்.

```
Fr1 = 4.85 / 1.04 = 4.67
```

இந்த எண்ணுக்கு ஒரு நேரடியான பொருள் உண்டு. மெல்லிய தண்ணீரின் மேல்பரப்பை ஓரத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியால் தொட்டுப் பாருங்கள். அலை மேல்நோக்கி ஏறவே ஏறாது, கீழ்ப்பக்கமாக ஒடுங்கிய V போல விரியும். கீழே ஆழமான, மெதுவான தண்ணீர் காத்திருக்கிறது என்ற செய்தி மேலே வந்து சேர வழியில்லை. அதனால் வேக நீர் மெல்ல மெல்ல ஆழம் கூடிப் போய்ச் சேர முடியாமல், ஒரே இடத்தில் முட்டி எழுகிறது. ஃப்ரூடு எண் 1-க்கு மேல் இருந்தால்தான் தாவல் உண்டாகும். 1.7-க்குக் கீழே என்றால் சுருள் நுரை இருக்காது, வரிவரியான அலைகள்தான். 2.5 முதல் 4.5 வரை தாவல் ஓரிடத்தில் நிலைக்காமல் ஆடி, கீழே நெடுந்தூரம் அலையை அனுப்பிக் கரையை அரிக்கும். 4.5-க்கும் 9-க்கும் நடுவில் ஒரே இடத்தில் உறுதியாக நிற்கும். நம்முடையது அந்த எல்லைக்குள் இப்போதுதான் கால் வைத்திருக்கிறது. ஷட்டரை இன்னும் தூக்கினால் எண் குறைந்து, தாவல் ஆடத் தொடங்கிவிடும்.

படி 4: தாவலைக் கடப்பது

இந்தப் படிதான் கணக்கின் உயிர். படி 2-இல் ஆற்றல் சமன்பாடு நன்றாக வேலை செய்ததே, அதையே தாவலுக்கும் போடலாமே என்று தோன்றும். போட்டுப் பாருங்கள். கிடைக்கும் விடை 1.30 மீட்டர். ஷட்டருக்கு முன்னால் நின்ற அதே ஆழம்! ஆற்றல் எதுவும் வீணாகாது என்று நாமே சொல்லிவிட்டால், தண்ணீர் பழைய உயரத்துக்கே ஏறும் என்றுதானே சமன்பாடும் சொல்லும். ஆனால் வாய்க்காலில் அந்த உயரம் வருவதே இல்லை. சுருளும் நுரை ஆற்றலைக் கடைந்து வெப்பமாக்கிவிடுகிறது, எவ்வளவு என்று முன்கூட்டித் தெரியாது. பிரெஞ்சுப் பொறியாளர் பெலாஞ்சேகூட 1828-இல் ஆற்றல் வழியாகத்தான் இதை அணுகினார். சரியான வழியைப் பிறகுதான் எழுதினார்.

சரியான வழி உந்தம். தாவலை ஒரு பெட்டிக்குள் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே என்ன சுழன்றாலும் நமக்குக் கவலை இல்லை. தண்ணீர் உள்ளே வரும் பக்கம் 11 செ.மீ. தண்ணீரின் அழுத்தம் ஓட்டத்தின் திசையில் தள்ளுகிறது, வெளியே போகும் பக்கம் ஆழமான தண்ணீரின் அழுத்தம் எதிர்த்துத் தள்ளுகிறது. எதிர்ப்பக்கம்தான் பலசாலி. அந்தக் கூடுதல் தள்ளல்தான் வேகத்தைக் குறைக்கிறது. சுழல்கள் எல்லாம் பெட்டிக்குள்ளேயே ஒன்றையொன்று தள்ளிக்கொள்வதால் மொத்தக் கணக்கில் அவை வராது. தாவலுக்குப் பின் உள்ள வேகம் V2, ஆழம் y2 என்று வைத்தால்:

```
q·V1 + g·y1²/2 = q·V2 + g·y2²/2
```

இதில் q = V1·y1 = V2·y2 என்பதை வைத்துச் சுருக்கினால்:

```
y2 = (y1/2) × ( √(1 + 8·Fr1²) − 1 )
   = 0.055 × ( √175.3 − 1 )
   = 0.055 × 12.24 = 0.67 மீ
```

தாவலுக்குப் பின் ஆழம் 67 செ.மீ. தாவலின் உயரம் இரண்டு ஆழத்துக்கும் உள்ள வித்தியாசம்: 67 − 11 = 56 செ.மீ. கேள்வியில் உயரம் கேட்டிருக்கிறார்களா, பின்னால் உள்ள ஆழம் கேட்டிருக்கிறார்களா என்று பார்த்து எழுதுங்கள்.

படி 1-இல் 0.61-ஐ மறந்து 18 செ.மீ. என்றே வைத்திருந்தால் இந்த இடத்தில் 82 செ.மீ. வந்திருக்கும். 15 செ.மீ. பிழை. சுவர் எழுப்புபவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

எவ்வளவு ஆற்றல் கரைகிறது?

```
இழப்பு = (y2 − y1)³ / (4·y1·y2) = 0.60 மீ
```

வினாடிக்கு 800 லிட்டர் தண்ணீர் 60 செ.மீ. உயரத்தை இழக்கிறது. அது சுமார் 4.7 கிலோவாட். தோட்டத்துக் கிணற்றில் ஓடும் ஆறு எச்.பி. மோட்டார் ஒன்றின் பலம், அந்த நாலு மீட்டர் நுரைக்குள் அடங்கிப்போகிறது. நாலு மீட்டர் என்று சும்மா சொல்லவில்லை. இந்த வகைத் தாவலின் நீளம் y2-ஐப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு. அந்த நீளத்துக்குத் தரையில் கான்கிரீட் தளம் இருக்க வேண்டும். மண் தரையாக இருந்தால் அங்கேதான் குழி விழும்.

தாவல் எங்கே நிற்கும்?

67 செ.மீ. என்பது தாவல் கேட்கும் ஆழம். வாய்க்கால் கொடுக்கும் ஆழம் வேறாக இருக்கலாம், ஏனென்றால் அதைக் கீழ்ப்பகுதியின் சரிவும் சொரசொரப்பும், அடுத்த மடையின் திறப்பும் முடிவு செய்கின்றன. கீழே 55 செ.மீ.தான் நிற்கிறது என்றால், அதற்குத் தாவலைத் தடுத்து நிறுத்தும் பலம் இல்லை. வேக நீர் தாவலைக் கீழே தள்ளிக்கொண்டே போய், தளத்தைத் தாண்டி மண்ணில் விடும். கீழே 80 செ.மீ. நின்றால் தாவல் மேலேறி வந்து ஷட்டரையே மூழ்கடிக்கும். கண்ணாடி போன்ற மெல்லிய நீர் கொஞ்சமாவது தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் நம் கணக்கு செல்லும். ஷட்டரின் பலகையை ஒட்டியே நுரை கொந்தளித்தால் அது மூழ்கிய தாவல். அப்போது ஷட்டரின் கீழ்ப்பக்கம் தண்ணீர் எதிர்த்து நிற்பதால், அதே திறப்பில் குறைவான தண்ணீர்தான் போகும். படி 2-இன் வேகமே தவறாகிவிடும்.

அளந்து சரிபார்க்கும்போது

மெல்லிய நீருக்குள் குச்சியை நட்டு ஆழம் பார்க்காதீர்கள். 4.85 மீட்டர் வேகத்தில் வரும் தண்ணீர் குச்சியில் மோதி மேலே பீய்ச்சும், எந்தக் கோட்டில் வாசிப்பது என்றே தெரியாது. சுவரின் மேல்விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை டேப்பால் அளந்து, தண்ணீர் இல்லாத நாளில் எடுத்த தரை வரையிலான அளவிலிருந்து கழிப்பதே நல்லது. y2-ஐ நுரைக்குள் அளக்கக் கூடாது. அங்கே காற்றுக் குமிழிகள் கலந்து மட்டம் உப்பியிருக்கும். குமிழிகள் அடங்கிய இடத்தில் நாலைந்து முறை அளந்து சராசரி எடுங்கள். கணக்கைவிட இரண்டு மூன்று செ.மீ. குறைவாக வந்தால் திகைக்க வேண்டாம், தரையின் உராய்வை நாம் சேர்க்கவே இல்லை.

அப்புறம், இந்தச் சூத்திரத்தை மலை மேலே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். மலைச்சரிவில் இறங்கும் செங்குத்தான ஓடையில் தண்ணீர் ஏற்கெனவே அலையைவிட வேகமாகத்தான் ஓடுகிறது. ஷட்டருக்குக் கீழே அது எழுந்து நிற்கக் காரணமே இல்லை, சரிவு தணியும் இடம் வரை வழுக்கிக்கொண்டே வரும். சரிவின் மேலேயே தாவல் நின்றாலும், தண்ணீரின் எடையில் ஒரு பகுதி கீழ்நோக்கி இழுப்பதால் உண்மையான y2 இந்தச் சூத்திரம் சொல்வதைவிடக் கூடுதலாக இருக்கும். பக்கம் சாய்ந்த மண் வாய்க்காலுக்கும் சுருக்கிய சூத்திரம் பொருந்தாது. அங்கே படி 4-இல் உள்ள அந்தப் பெட்டிக்கே திரும்பிப் போய், சரிவக வடிவத்தின் பரப்பையும் அழுத்தத்தையும் வைத்து, y2-க்கு ஒவ்வொரு மதிப்பாகப் போட்டு, இரண்டு பக்கமும் சமமாகும் வரை பார்க்க வேண்டும்.