ஓய்வு பெறும்போது 40% கம்யூட் செய்யலாமா? நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

மத்திய அரசு வேலையில் 2004க்கு முன் சேர்ந்து, பழைய ஓய்வூதியத் திட்டத்தில் 60 வயதில் ஓய்வு பெறப் போகிறவர்களுக்கான கணக்கு இது. ஓய்வூதிய விண்ணப்பத்தில் எத்தனை சதவீதம் கம்யூட் செய்கிறீர்கள், அதாவது மாத ஓய்வூதியத்தில் எவ்வளவை விட்டுக்கொடுத்து மொத்தப் பணமாக வாங்குகிறீர்கள் என்று கேட்டிருப்பார்கள். பக்கத்து சீட்டில் இருப்பவர் 40 என்று எழுதச் சொல்வார், பெரும்பாலானவர்கள் அப்படியே எழுதிவிடுகிறார்கள். அந்த எண் அடுத்த 15 வருட வருமானத்தை மாற்றக்கூடியது, ஒருமுறை நடைமுறைக்கு வந்தால் திரும்பப் பெறவும் முடியாது. அதனால் கையெழுத்துக்கு முன் அரை மணி நேரம் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

படி 1: எவ்வளவு வரும்?

அடிப்படை ஓய்வூதியத்தில் அதிகபட்சம் 40% வரை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக மொத்தப் பணம் வாங்கலாம். எவ்வளவு என்பதை அரசின் அட்டவணையில் உள்ள ஒரு காரணி முடிவு செய்கிறது. அந்த அட்டவணையை 8% வட்டி, வயதுக்கேற்ற இறப்பு விகிதம் இரண்டையும் வைத்துப் போட்டிருக்கிறார்கள். அதில் பார்க்க வேண்டியது இப்போதைய வயதை அல்ல, அடுத்த பிறந்தநாளில் எத்தனை வயது ஆகும் என்பதை. 60இல் ஓய்வு பெறுபவருக்கு அது 61, காரணி 8.194.

உங்கள் அடிப்படை ஓய்வூதியம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 40% என்றால் 16,000.

```
16,000 × 12 × 8.194 = 15,73,248
```

இது ஓய்வின்போது கிடைக்கும் பணிக்கொடையில் சேராது, தனியாக வரும் தொகை.

படி 2: மாதம் எவ்வளவு குறையும்?

இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள். அடிப்படை 24,000 ஆகிவிடும், சரி. ஆனால் அகவிலைப்படி 24,000க்கு இல்லை, பழைய 40,000க்கே கணக்கிடப்படும். அது 58% என்று எடுத்தால் 23,200. ஆக, கம்யூட் செய்யாதவருக்கு 63,200, செய்தவருக்கு 47,200. குறைவது சரியாக 16,000தான். பிற்பாடு அகவிலைப்படி ஏறினாலும், ஊதியக் குழு வந்து ஓய்வூதியமே உயர்ந்தாலும் இந்தப் பிடித்தம் 16,000ஆகவே நிற்கும்.

15 வருடம் முடிந்ததும் பிடித்தம் நின்று முழு ஓய்வூதியம் திரும்பி வரும். இடையில் ஓய்வூதியர் இறந்துவிட்டால் மீதிப் பிடித்தத்தைக் குடும்பத்திடம் கேட்க மாட்டார்கள், குடும்ப ஓய்வூதியத்திலும் ஒரு பைசா குறையாது. இந்தக் கடைசி வாக்கியத்தை மறந்துவிடாதீர்கள், முடிவே அதில்தான் தொங்குகிறது.

படி 3: இது எத்தனை சதவீதக் கடன்?

கம்யூட்டேஷனை ஒரு கடனாகப் பாருங்கள், எல்லாம் தெளிவாகிவிடும். மாத ஓய்வூதியத்தில் விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் இன்று 98 ரூபாய் 33 பைசா வருகிறது (12 × 8.194). திருப்பிக் கொடுப்பது மாதம் ஒரு ரூபாய் வீதம் 180 மாதம். எக்செலில் இதை ஒட்டினால் வட்டி தெரிந்துவிடும்:

```
=RATE(180,-1,98.328)*12
```

விடை ஏறத்தாழ 9.05%. அதாவது 15 வருடமும் உயிரோடு இருப்பவருக்கு இது வருடம் 9% வட்டிக்கு வாங்கிய கடன். அட்டவணை 8% என்கிறதே, எப்படி 9 ஆனது என்று கேட்கலாம். அந்த வித்தியாசத்தை, நடுவில் இறந்தால் கடன் தள்ளுபடி ஆவதற்கான காப்பீட்டுக் கட்டணம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

"98 மாதத்தில், அதாவது எட்டு வருடம் சொச்சத்தில், வாங்கியதைக் கட்டி முடித்துவிடுகிறோம், மிச்சமெல்லாம் அரசுக்கு லாபம்" என்று ஒரு பேச்சு உண்டு. வட்டியே இல்லாத உலகத்தில்தான் அது சரி. பிடித்தத்தை 12 வருடமாகக் குறைக்க வேண்டும் என்று ஊழியர் சங்கங்கள் கேட்டு வருகின்றன, அது தனி விவாதம். உங்கள் முடிவை இன்றைய 15 வருட விதியை வைத்தே எடுங்கள்.

படி 4: அந்தப் பணத்தை என்ன செய்யப் போகிறீர்கள்?

வங்கி வைப்பில் போட்டு 7% வாங்குவதாக இருந்தால் என்ன ஆகும்? போட்ட பணத்திலிருந்து குறைந்துபோன 16,000ஐ மாதாமாதம் நீங்களே எடுத்துக்கொள்கிறீர்கள் என்று வையுங்கள்.

```
=NPER(0.07/12,1,-98.328)
```

விடை 146.5. பன்னிரண்டு வருடம் இரண்டு மாதத்தில் பணம் தீர்ந்துவிடும், அதன் பிறகும் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் வருடம் 16,000 குறைவாகவே வரும். 2025இல் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் 8.2% கொடுத்தது. அந்த வட்டி கடைசிவரை நீடித்தாலும் 163 மாதம்தான் தாங்கும். ஆக, வைப்பில் போட மட்டுமே கம்யூட் செய்வது, 60 வயதில் நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு லேசான நஷ்டம்.

ஆனால் 12% தனிநபர் கடனோ அதைவிட மோசமான கைமாற்றுக் கடனோ இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கம்யூட் செய்து அடைத்துவிடுங்கள். அதேபோல இதய நோய், சிறுநீரகக் கோளாறு என்று ஏற்கெனவே இருந்து, வாழ்க்கைத்துணை உங்கள் வருமானத்தையே நம்பியிருந்தால் 40% முழுவதையும் எடுப்பது நியாயமான முடிவு. கம்யூட் செய்யாத ஓய்வூதியம் உங்களோடு நின்றுவிடும், குடும்ப ஓய்வூதியம் எப்படியும் அதே தொகைதான். கையில் வாங்கிய 15 லட்சம் வீட்டிலேயே இருக்கும்.

படி 5: வரியையும் பாருங்கள்

அரசு ஊழியருக்குக் கம்யூட்டேஷன் தொகைக்கு வருமான வரி முழுக்க இல்லை, மாத ஓய்வூதியத்துக்கு உண்டு. வாடகை போன்ற வருமானமும் சேர்ந்து 20% வரி வரம்பில் இருப்பவர் இழப்பது 16,000 இல்லை, வரி போக 12,800தான். அவருக்கு அதே கடனின் வட்டி 5.5% அருகில் வந்துவிடுகிறது, வைப்பு வட்டிக்கு அவர் கட்டும் வரியைக் கழித்தாலும் கையைக் கடிக்காது. நம் உதாரணத்தில் உள்ளவருக்கோ வருடம் ஏழரை லட்சம் சொச்சம்தான். 2025-26இல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி கட்ட வேண்டியதில்லை என்பதால், "வரி இல்லாத பணம்" என்ற ஆசைவார்த்தை அவருக்குப் பொருந்தாது.

படி 6: சதவீதத்தை எழுதுவது

40 அல்லது பூஜ்யம் என்று இரண்டே வழி இல்லை. வீட்டுக் கூரை வேலைக்கும் மீதிக் கடனுக்கும் சேர்த்து 6 லட்சம் வேண்டுமென்றால், அதை 98.328ஆல் வகுங்கள். மாதம் 6,102 ரூபாய் வருகிறது, அது 40,000இல் 15.3%. 16% என்று எழுதினால் 6,400 விட்டுக்கொடுத்து சுமார் 6.29 லட்சம் வாங்கலாம். என்னைக் கேட்டால் முதலில் தேவையை எழுதி, அதிலிருந்து சதவீதத்துக்கு வருவதுதான் சரியான வரிசை.

முடிவு எடுக்க முடியவில்லையா? ஓய்வு பெற்ற ஒரு வருடத்துக்குள் மருத்துவப் பரிசோதனை இல்லாமல் விண்ணப்பிக்கலாம். நடுவில் 61 வயது முடிந்துவிட்டால் காரணி 8.093 ஆகும், நம் உதாரணத்தில் 19,392 ரூபாய் குறையும். ஒரு வருடம் தாண்டினால் மருத்துவக் குழு முன் போக வேண்டும். உடல்நிலையைப் பார்த்து உங்கள் வயதைக் கூட்டி எடுத்துக்கொள்ள அவர்கள் சொல்லலாம், அப்படிச் சொன்னால் தொகை இன்னும் குறையும். நோயைக் காரணமாக வைத்துக் கம்யூட் செய்ய நினைப்பவர்கள் இதனால்தான் தள்ளிப்போடவே கூடாது.

படி 7: தேதியைக் குறித்து வையுங்கள்

ஓய்வூதிய ஆணை கைக்கு வந்ததும் கம்யூட் செய்த தொகை, குறைந்த ஓய்வூதியம் இரண்டையும் சரிபாருங்கள். பிடித்தம் எந்தத் தேதியிலிருந்து ஆரம்பித்தது என்பதை ஆணையின் நகலிலேயே எழுதி, 15 வருடம் கூட்டி வரும் தேதியையும் பக்கத்தில் எழுதுங்கள். அந்த மாதம் வங்கிக் கணக்கில் 16,000 கூடி வர வேண்டும். வரவில்லையென்றால் ஆணையின் நகலோடு ஓய்வூதியம் தரும் வங்கிக் கிளைக்கு எழுத்து மூலமாக விண்ணப்பம் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அப்போது உங்களுக்கு 75 வயது ஆகியிருக்கும், ஆகவே வீட்டில் இன்னொருவருக்கும் இந்தத் தேதி தெரிந்திருக்கட்டும்.