பார்லர் ரிசப்ஷனில் புதிதாகச் சேர்ந்தவருக்கு: போனில் விலை சொல்வது எப்படி?

தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கம் ஒரு லேடீஸ் பார்லரில் ரிசப்ஷனுக்குச் சேர்ந்தால் முதல் நாளே காதில் விழும் கேள்வி, "ஸ்மூத்னிங் எவ்ளோ?" என்பதுதான். ஐப்ரோவுக்கும் வாக்ஸிங்குக்கும் பட்டியலைப் பார்த்து விலையைச் சொல்லிவிடலாம். முடி வேலைக்கு அது சரிப்படாது. நீளம், அடர்த்தி, முன்பு போட்ட டை எல்லாம் சேர்ந்துதான் விலை அமைகிறது. போனில் ஒரே எண்ணைச் சொல்லி வைத்தால், பில் போடும்போது அதே எண் சண்டையாக வந்து நிற்கும். அதனால் ஒரு ஸ்மூத்னிங் அழைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, முதல் வணக்கத்திலிருந்து மறுநாள் வரும் கோபமான போன் வரை பார்ப்போம்.

1. போனை எடுத்ததும்

கடைப் பெயர், ஏரியா, உங்கள் பெயர். மூன்றும் ஒரே மூச்சில் வர வேண்டும்.

"வணக்கம், (கடைப் பெயர்), தண்டையார்பேட்டை. நான் கவிதா பேசறேன், சொல்லுங்க மேடம்."

ஏரியாவைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரே பெயரில் திருவொற்றியூரிலும் ஒரு கடை இருக்கலாம். அங்கே போட வேண்டிய போன் உங்களுக்கு வந்திருக்கலாம். எடுத்த எடுப்பில் "அக்கா" என்று கூப்பிட வேண்டாம், குரலை வைத்து வயது தெரியாது. அவர் "சொல்லும்மா" என்று ஆரம்பித்த பிறகு "அக்கா" என்றால் இயல்பாக இருக்கும்.

2. விலைக்கு முன் மூன்று கேள்விகள்

கேள்வியில் இறங்குமுன், ஏன் கேட்கிறோம் என்று ஒரு வரி சொல்லுங்கள். இல்லையென்றால் விலையைச் சொல்லாமல் மழுப்புகிறார்கள் என்று நினைப்பார்கள்.

"சொல்றேன் மேடம். முடியோட நீளத்துக்குத் தகுந்த மாதிரி விலை மாறும். ரெண்டு மூணு விஷயம் கேட்டுக்கறேன், சரியா?"

முதல் கேள்வி நீளம். "முடியை நனைச்சு நேரா இழுத்து விட்டா எது வரைக்கும் வரும்? தோள், முதுகு நடு, இடுப்பு?" நனைத்து என்று சொல்வதை விட்டுவிடாதீர்கள். சுருட்டை முடி காய்ந்திருக்கும்போது தோளில் நிற்கும், இழுத்தால் முதுகு நடு வரை போகும். க்ரீம் செலவு அந்த நீளத்துக்குத்தான்.

இரண்டாவது அடர்த்தி. "அடர்த்தியா?" என்று கேட்டால் பெரும்பாலும் "இல்லம்மா, எல்லாம் கொட்டிப் போச்சு" என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக, "சாதாரண ரப்பர் பேண்ட் போடும்போது எத்தனை சுத்து சுத்துவீங்க?" என்று கேளுங்கள். மூன்று நான்கு சுற்று என்றால் முடி மெல்லியது. ஒன்றரை சுற்றிலேயே இறுகிவிடும் என்றால் கூடுதல் க்ரீமும் கூடுதல் நேரமும் ஆகும்.

மூன்றாவது, "கடைசியா எப்போ டை, மருதாணி, இல்ல ஸ்ட்ரெய்ட்னிங் பண்ணீங்க?" கடையில் கிடைக்கும் கருப்பு மருதாணிப் பொடி சிலவற்றில் ரசாயன டை கலந்திருக்கும். அதன் மேல் ஸ்மூத்னிங் க்ரீம் போட்டால் முடி உடைந்து போகலாம். "போட்டிருக்கேன்" என்றால், ஸ்டைலிஸ்ட் ஒரு சிறு கற்றையில் சோதித்துப் பார்த்த பிறகுதான் செய்ய முடியும் என்பதைப் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

3. விலையைச் சொல்வது

உங்கள் பட்டியலில் தோள் வரை 3,000, முதுகு நடு வரை 4,000, இடுப்பு வரை 5,000, அடர்த்திக்கு 500 முதல் 1,000 கூடுதல் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அழைத்தவருக்கு முதுகு நடு வரை முடி, ரப்பர் பேண்ட் ஒன்றரை சுற்று, ஆறு மாதத்துக்கு முன் டை. இப்படிச் சொல்லலாம்:

"உங்க முடிக்கு நாலாயிரத்து ஐநூறுல இருந்து ஐயாயிரத்துக்குள்ள வரும் மேடம். வாஷ், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்துதான். ஹேர்கட் தனி. நேர்ல பார்த்துட்டு, வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒரே விலையாச் சொல்லிடுவோம். நாலு மணி நேரம் ஆகும்."

மேல் வரம்பைக் கட்டாயம் சொல்ல வேண்டும். "நாலாயிரத்து ஐநூறுல இருந்து ஸ்டார்ட்" என்று நிறுத்தினால், கேட்பவர் மனதில் நாலாயிரத்து ஐநூறு மட்டும்தான் தங்கும். ஜிஎஸ்டி விஷயத்தில் முதலாளியிடம் ஒரு தடவை கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பார்லர் சேவைகளுக்கு வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ஜிஎஸ்டி பதிவே இல்லாத சிறிய கடை அந்தப் பெயரில் தனியாகப் பணம் வாங்கக் கூடாது.

"எம்.சி. ரோடு பக்கத்துல மூவாயிரம்தான் சொல்றாங்க" என்று பேரம் வரும். அந்தக் கடையைக் குறை சொல்லாதீர்கள். "அது எந்த நீளத்துக்குன்னு கேட்டீங்களா மேடம்? எங்ககிட்டயும் தோள் வரைக்கும் மூவாயிரம்தான்" என்றால் போதும். போனில் தள்ளுபடி தருவது முதலாளியின் வேலை, உங்களுடையது இல்லை.

4. நேரம் குறிப்பது

நம்ம பக்கம் செவ்வாய், வெள்ளியில் முடி வெட்டிக்கொள்ளாத வீடுகள் நிறைய. அதனால் ஞாயிறு நெரியும், செவ்வாய் காலியாகக் கிடக்கும். நாலு மணி நேர வேலையை ஞாயிற்றுக்கிழமை திணிக்காமல், புதன் அல்லது வியாழன் காலையை முதலில் நீட்டுங்கள். "அடுத்த புதன்" என்று பேசாதீர்கள், தேதியைச் சொல்லுங்கள். "பதினெட்டாம் தேதி, புதன், காலையில பதினோரு மணி, சரியா மேடம்?"

அப்புறம் நோட்டில் எழுத வேண்டும். பெயர், நம்பர், நேரத்தோடு நீங்கள் சொன்ன விலையும் சேர்ந்தே இருக்கட்டும்:

"18 புதன் 11.00 – ஸ்மூத்னிங் – முதுகு நடு, அடர்த்தி, டை 6 மாதம் – 4,500 / 5,000 – ஹேர்கட் தனி – க."

கடைசி "க." எழுதியவரின் முதல் எழுத்து. இதே வரியை வாட்ஸப்பிலும் அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

5. மறுநாள் வரும் கோபமான போன்

"நாலாயிரத்து ஐநூறுன்னு சொல்லிட்டு ஐயாயிரத்து ஐநூறு வாங்கிட்டீங்க!" பேசுவது அவராகவே இருக்க வேண்டியதில்லை, கணவரோ அம்மாவோ இருக்கலாம். பேசி முடிக்க விடுங்கள். "அப்படிச் சொல்லியிருக்க மாட்டோம்" என்ற வாக்கியம் மட்டும் வாயில் வரக் கூடாது, அது அவரைப் பொய்யர் ஆக்குகிறது.

"கோபம் புரியுது சார். அவங்க பேர், வந்த தேதி சொல்லுங்க. நோட்டைப் பார்த்துட்டு சொல்றேன், லைன்லயே இருங்க."

நோட்டில் 5,000, பில்லில் 5,500. மீதி 500 ஹேர்கட்டுக்கு என்று பில்லில் இருந்தால், "ஸ்மூத்னிங் ஐயாயிரம், ஹேர்கட் ஐநூறு சார். ஹேர்கட் தனின்னு வாட்ஸப்லயும் அனுப்பியிருக்கோம்" என்று படித்துக் காட்டுங்கள். ஹேர்கட்டே செய்யாமல் 5,500 போட்டிருந்தால் தப்பு நம்முடையது. "அஞ்சு மணிக்குள்ள ஓனர் உங்களைக் கூப்பிடுவாங்க" என்று சொல்லி, ஓனர் கூப்பிடும் வரை நீங்கள் விடக் கூடாது.

புகார் விலையைப் பற்றி இல்லாமல் தலை எரிகிறது, கொப்பளம் வந்திருக்கிறது என்று இருந்தால், எண்ணெய் வையுங்கள் என்றெல்லாம் வைத்தியம் சொல்லாதீர்கள். டாக்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, உடனே ஸ்டைலிஸ்ட்டிடம் போனைக் கொடுங்கள்.

6. வேறு நோக்கத்தில் வரும் போன்

லேடீஸ் பார்லர் நம்பர் என்றால் "மசாஜ் உண்டா, யார் பண்ணுவாங்க?" என்று இழுக்கும் ஆண்கள் போன் வரத்தான் செய்யும். இதற்குப் பணிவு தேவையில்லை, விளக்கமும் வேண்டாம்.

"இது லேடீஸ் பார்லர். அந்த சர்வீஸ் இங்க இல்ல. போனை வைக்கறேன்."

வைத்துவிடுங்கள். திரும்ப வந்தால் எடுக்காமல் நம்பர், தேதி, நேரத்தை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, கடை போனில் "எடுக்காதே" என்று சேமித்து வையுங்கள். சாயங்கால ஷிப்டில் வரும் பெண்ணுக்கும் அது தெரியும். தொடர்ந்து தொந்தரவு செய்தால் பெண்கள் உதவி எண் 181 இருக்கிறது. எழுதி வைத்த அந்தப் பக்கத்தோடு காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்.