டிஓ போட்டு அனுப்பிய சரக்கை இன்வாய்ஸோடு பொருத்துவது எப்படி?

பினாங்கில் ஒரு நாசி கண்டார் கடைக்கு மசாலாத்தூள் சப்ளை செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு லோடுக்கும் டெலிவரி ஆர்டர், அதாவது டிஓ மட்டும் போகிறது. தமிழ்நாட்டுக் கடைகளில் டெலிவரி சலான் என்பார்களே, அதுதான். மாதக் கடைசியில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே இன்வாய்ஸ்.

டிஓவில் வரிசை எண், தேதி, பொருள், அளவு இருந்தால் போதும், விலை வேண்டியதில்லை. மூன்று பிரதி எடுங்கள். ஒன்று கடைக்கு, ஒன்று புத்தகத்தில் இருக்கட்டும். மூன்றாவதில் கையெழுத்தும் கம்பெனி சாப்பும் வாங்கி லாரிக்காரர் ஆபீஸுக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அந்தப் பிரதியை வைத்துத்தான் பில் போட வேண்டும், புத்தகத்தில் இருப்பதை வைத்து அல்ல.

ஏன் என்று பாருங்கள். டிஓ 412-ல் 20 கிலோ மல்லித்தூள், 10 கிலோ மிளகாய்த்தூள் போனது. டிஓ 419-ல் இன்னும் 20 கிலோ மல்லித்தூள். இரண்டாவது லோடில் 2 கிலோ பாக்கெட் கிழிந்திருந்ததால் கடைக்காரர் 18 என்று திருத்திக் கையெழுத்துப் போட்டார். மல்லி கிலோ 14 வெள்ளி, மிளகாய் 22 வெள்ளி என்றால் பில் 752 வெள்ளி. புத்தகத்தில் இருக்கும் பிரதியைப் பார்த்துப் போட்டால் 780 வரும். கடைக்காரர் அந்த 28 வெள்ளிக்காக முழுத் தொகையையும் நிறுத்தி வைப்பார்.

சரி, எக்செலில் இரண்டு ஷீட். முதல் ஷீட்டில் A முதல் E வரை: டிஓ எண், தேதி, பொருள், அனுப்பியது, ஏற்றுக்கொண்டது. பொருளுக்கு ஒரு வரி. இரண்டாவதன் பெயர் Bill. அதில் A முதல் D வரை இன்வாய்ஸ் எண், டிஓ எண், பொருள், பில் போட்ட அளவு. முதல் ஷீட்டின் F2-வில் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=IF(E2="","",E2-SUMIFS(Bill!D:D,Bill!B:B,A2,Bill!C:C,C2))
```

பூஜ்யம் வந்தால் அந்த வரி முடிந்தது. 18 என்று நின்றால் இன்னும் பில் போடவில்லை. மைனஸ் வந்தால் ஒரே டிஓவுக்கு இரண்டு முறை பில் போயிருக்கிறது, அல்லது கடைக்காரர் ஏற்றதைவிட அதிகமாகப் போயிருக்கிறது. பில் போட்ட பிறகும் வரி பூஜ்யத்துக்கு வராவிட்டால் முதலில் பெயரைப் பாருங்கள். ஓரிடத்தில் 'மல்லி', இன்னோரிடத்தில் 'மல்லித்தூள்' என்றிருக்கும்.

மாதத்தின் கடைசி நாள் போன லோடின் கையெழுத்துப் பிரதி பெரும்பாலும் அடுத்த நாள்தான் வரும். அதுவரை E-யில் அனுப்பிய அளவை எழுதாமல் காலியாக விடுங்கள், F-உம் காலியாகவே நிற்கும். பிரதி வந்ததும் நிரப்பலாம்.

இன்வாய்ஸில் 412, 419 என்று டிஓ எண்களைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். இ-இன்வாய்ஸ் போடும் கம்பெனியாக இருந்தால், MyInvois-க்கு அனுப்பும் முன்பே F-ஐப் பார்த்துவிடுங்கள். அங்கே அங்கீகாரம் கிடைத்து 72 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்யலாம். அதற்குப் பிறகு அந்த 28 வெள்ளிக்குத் தனியாக ஒரு கிரெடிட் நோட் போட வேண்டும்.