பூமியின் காந்தக் கவசம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது? நாமே கணக்கிடலாம்

சூரியனிலிருந்து பாயும் மின்னூட்டத் துகள்களான சூரியக் காற்று நம்மை நெருங்கவிடாமல் பூமியின் காந்தப்புலம் தடுக்கிறது என்று படித்தபோது, எந்த இடத்தில் தடுக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. கணக்கு போட்டால் 8 பூமி ஆரம் வந்தது, புத்தகத்திலோ 10. இரண்டு நாள் தேடி, விட்டுப்போனதைக் கண்டுபிடித்தேன்.

படி 1: புலம் எங்கிருந்து வருகிறது

பூமிக்குள் பெரிய காந்தக்கட்டி எதுவும் இல்லை. 770 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே இரும்பு தன் நிலையான காந்தத்தன்மையை இழந்துவிடும். உள்ளேயோ பல ஆயிரம் டிகிரி. சுமார் 2,900 கி.மீ. ஆழத்துக்குக் கீழே உருகிய இரும்பு கொதிக்கும் குழம்பு போலப் புரள்கிறது. ஏற்கெனவே இருக்கும் புலத்துக்குள் அது நகர்வதால் மின்னோட்டம் பிறக்கிறது, அந்த மின்னோட்டம் புலத்தைப் புதுப்பிக்கிறது. இதுதான் டைனமோ. புரளல் நின்றால் சில பத்தாயிரம் ஆண்டுகளில் புலம் தேய்ந்துவிடும்.

படி 2: இரண்டு அழுத்தங்கள்

சூரியக் காற்றில் ஒரு கன செ.மீ.க்கு சுமார் 5 புரோட்டான்கள், வேகம் நொடிக்கு 400 கி.மீ. அது தள்ளும் அழுத்தமும் காந்தப்புலத்தின் அழுத்தமும் சமமாகும் இடமே எல்லை. நிலநடுக்கோட்டில் தரைமட்டப் புலம் 31 மைக்ரோடெஸ்லா. தூரம் கூடக்கூட அதன் அழுத்தம் தூரத்தின் ஆறாம் அடுக்கில் குறைகிறது.

படி 3: நான் தடுக்கிய இடம்

வந்து மோதும் புரோட்டான்களைக் காந்தப்புலம் ஒரு பக்கமும் எலக்ட்ரான்களை எதிர்ப்பக்கமும் திருப்பிவிடுகிறது. அப்படி அவை பிரிந்து போவதே எல்லையில் ஒரு மின்னோட்டத் தாள் ஆகிவிடுகிறது. அந்தத் தாளின் புலம் வெளிப்பக்கம் பூமியின் புலத்தை அழிக்கிறது, உள்பக்கம் அதோடு சேர்ந்து ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறது. நான் பூமியின் புலத்தை மட்டும் போட்டிருந்தேன். கீழே `2 *` இருப்பது இதற்காகத்தான்.

```python
n = 5e6
v = 4e5
P = n * 1.67e-27 * v**2
B = 2 * 3.1e-5
Pm = B**2 / (2 * 4e-7 * 3.1416)
print((Pm / P) ** (1/6))
```

விடை சுமார் 10.2 பூமி ஆரம், அதாவது மையத்திலிருந்து ஏறக்குறைய 65,000 கி.மீ. கால்குலேட்டரைவிட பைத்தான்தான் எனக்குப் பிடிக்கும். எண்ணை மாற்றி உடனே பார்க்கலாம். `n`-ஐ 20e6, `v`-ஐ 8e5 ஆக்கிப் பாருங்கள், புயல் நாள் போல. எல்லை 6.4-க்கு வந்துவிடும். புவிநிலைச் செயற்கைக்கோள்கள் இருப்பது 6.6-இல், அதாவது பகல் பக்கம் போகும்போது அவை கவசத்துக்கு வெளியே.

பின்சேர்க்கை: விடை 102 வருகிறது என்று இருவர் எழுதினார்கள். ஒருவர் `n = 5` என்று கன செ.மீ.யிலேயே விட்டிருந்தார், இன்னொருவர் `v = 400` என்று கி.மீ.யில். இரண்டிலும் அழுத்தம் பத்து லட்சத்தில் ஒரு பங்காகிவிடுகிறது, ஆறாம் மூலம் எடுத்தால் விடை சரியாகப் பத்து மடங்கு.

அப்புறம், இந்தக் கணக்கு சூரியனைப் பார்க்கும் முனைக்கு மட்டும்தான். இரவுப் பக்கம் புலம் நீண்ட வாலாக இழுபடுகிறது. அங்கே இந்தச் சமன்பாடு செல்லாது.