வீட்டில் மார்ஃபின் கொடுப்பது எப்படி: நேர டோஸ், இடை டோஸ், எங்கள் பயங்கள்

என் மகனுக்கு அப்போது 7 வயது, எடை 20 கிலோ. எலும்பில் வந்த புற்றுநோய் நுரையீரலுக்கும் முதுகெலும்புக்கும் பரவிவிட்டது. இனி வீட்டில் வலியில்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானபோது கையில் ஒரு மருந்துச் சீட்டும் ஒரு கவர் மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த பதினொரு வாரம் அந்தக் கவரை வைத்து நாங்கள் எப்படிச் சமாளித்தோம் என்பதைத்தான் எழுதுகிறேன். கீழே வரும் அளவுகள் எல்லாம் என் மகனுக்கு அவன் டாக்டர் எழுதியவை. கணக்குப் போடும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் குழந்தையின் அளவை உங்கள் டாக்டர்தான் எழுத வேண்டும்.

1. சீட்டில் இரண்டு டோஸ் இருக்கிறதா என்று பாருங்கள்

மார்ஃபின் 10 மில்லிகிராம் மாத்திரை. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை 4 மில்லிகிராம். இது நேர டோஸ். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மணி அடித்தால் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10, நள்ளிரவு 2.

நேர டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே சில சமயம் வலி எகிறும். அதற்குத் தனியாக ஒரு டோஸ் உண்டு. பேலியேட்டிவ் சிஸ்டர் அதை பிரேக்த்ரூ என்பார், நாங்கள் இடை டோஸ் என்போம். வழக்கமாக ஒரு நாளின் மொத்த அளவில் 5 முதல் 10 சதவீதம் வரை எழுதுவார்கள். எங்களுக்கு ஒரு நாளைக்கு ஆறு முறை 4, மொத்தம் 24 மில்லிகிராம். அதனால் இடை டோஸ் 2 மில்லிகிராம்.

முதல் சீட்டில் நேர டோஸ் மட்டும்தான் இருந்தது. ஞாயிறு ராத்திரி பதினொன்றரைக்குப் பையன் முதுகைப் பிடித்துக்கொண்டு அழும்போதுதான் அது எங்களுக்கு உறைத்தது. இடை டோஸ் எவ்வளவு, இரண்டு இடை டோஸுக்கு நடுவில் குறைந்தது எவ்வளவு நேரம் விட வேண்டும், எத்தனை முறைக்கு மேல் போனால் போன் செய்ய வேண்டும், கொடுத்ததும் வாந்தி எடுத்தால் என்ன செய்வது, இந்த நான்கையும் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.

இடை டோஸ் கொடுத்தாலும் அடுத்த நேர டோஸ் அதன் நேரத்துக்குப் போக வேண்டும். ஒன்பதரைக்கு இடை டோஸ் கொடுத்துவிட்டோமே, பத்து மணி டோஸை விட்டுவிடலாம் என்று நான் இரண்டு முறை நினைத்துக் கோட்டை விட்டேன். இரண்டு முறையும் பன்னிரண்டு மணிக்கு வலி திரும்பி வந்தது.

2. மில்லியா, மில்லிகிராமா?

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

10 மில்லிகிராம் மாத்திரையில் 4 மில்லிகிராமைக் கத்தியால் வெட்டி எடுக்க முடியாது. எனவே மாத்திரையை நுணுக்கி 10 மில்லி தண்ணீரில் கரைக்கச் சொன்னார்கள். அப்போது 1 மில்லியில் 1 மில்லிகிராம். ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்சில் 4 மில்லி உறிஞ்சி, கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். தூள் அடியில் தங்கும், உறிஞ்சுவதற்கு முன் கலக்கிக்கொள்ளுங்கள். மிச்சத்தை வைத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கரைக்கச் சொன்னார்கள்.

மார்ஃபின் கசக்கும். அவ்வளவு தண்ணீரை அவன் துப்புகிறானே என்று ஒரு நாள் 5 மில்லியில் கரைத்தேன். பழக்க தோஷத்தில் அதிலும் 4 மில்லி உறிஞ்சிக் கொடுத்துவிட்டேன். அதாவது 8 மில்லிகிராம், இரண்டு மடங்கு. அரை மணி கழித்துக் காலி கிண்ணத்தைக் கழுவும்போதுதான் புரிந்தது. கை நடுங்க சிஸ்டருக்குப் போன் செய்து "நாலு மில்லி கொடுத்தேன்" என்றேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "மில்லியை விடுங்க சார். எத்தனை மில்லிகிராம்?"

அடுத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறக்கிறானா என்று பார்க்கச் சொன்னார். திறந்தான், எரிச்சலோடு. ஒரு முழு நிமிஷம் கடிகாரத்தை வைத்து மூச்சை எண்ணச் சொன்னார். 18 வந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து கால் மணிக்கு ஒரு தரம் எண்ணச் சொல்லி, அடுத்த டோஸ் கொடுக்கும் முன் தன்னைக் கேட்கச் சொன்னார். எழுப்ப முடியாமல் போனாலோ, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கினாலோ, மூச்சு மெதுவாகி இடையில் நின்று நின்று வந்தாலோ உடனே கூப்பிட வேண்டும் என்றார். அன்று அவன் நன்றாகத் தூங்கி எழுந்தான். நான் தூங்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் "மில்லி" என்று பேசுவதில்லை. சிரிஞ்சில் 4, 2 இரண்டு கோட்டிலும் நெயில் பாலிஷ் வைத்தோம், 10 மில்லி அளவுக் கப் ஒன்றை மார்ஃபினுக்கென்றே ஒதுக்கினோம். டீஸ்பூன் வேண்டவே வேண்டாம். இன்சுலின் சிரிஞ்சும் வேண்டாம், அதில் இருப்பது யூனிட் கணக்கு.

*பின்சேர்க்கை:* கருத்துப் பகுதியில் ஒரு அம்மா, தங்களுக்கு சிரப் தந்திருப்பதாகவும் பாட்டிலில் 10 மி.கி./5 மி.லி. என்று இருப்பதாகவும் எழுதியிருந்தார். அதில் 1 மில்லியில் 2 மில்லிகிராம் இருக்கிறது. என் கணக்கை அப்படியே பின்பற்றினால் இரண்டு மடங்கு போய்விடும்! பாட்டில் மாறினால் கணக்கும் மாறும். இன்னொருவர் எஸ்.ஆர். மாத்திரையை நுணுக்கலாமா என்று கேட்டார். கூடவே கூடாது. அது பன்னிரண்டு மணி நேரம் மெதுவாக இறங்க வேண்டிய மருந்து, நுணுக்கினால் மொத்தமும் ஒரே அடியாக இறங்கும். அட்டையில் எஸ்.ஆர். என்று இருக்கிறதா என்று ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாருங்கள்.

3. நோட்டுப் புத்தகம்

ஆப் எல்லாம் முயன்று பார்த்தேன். இரவு இரண்டு மணிக்கு, ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் சிரிஞ்சு. கட்டு போட்ட நோட்டும் கயிற்றில் கட்டிய பேனாவும்தான் நின்றன. நேரம், எத்தனை மில்லிகிராம், நேர டோஸா இடை டோஸா, கொடுக்கும் முன் வலி எப்படி, ஒரு மணி நேரம் கழித்து எப்படி. வலிக்கு அவன் முகப் படத்தைத் தொட்டுக் காட்டுவான். அசதியாக இருக்கும் நாளில் நாங்களே பார்த்து எழுதுவோம்: புருவம் சுருங்குகிறதா, கால் மடங்குகிறதா, தொட்டால் உடம்பு விறைக்கிறதா. சத்தமில்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதும் வலிதான். அதை நாங்கள் தாமதமாகத்தான் கற்றோம்.

வாயால் கொடுத்தது வேலை செய்ய 20, 30 நிமிஷம் ஆகும். எனவே குளிப்பாட்டுவதற்கு, உடை மாற்றுவதற்கு அரை மணி முன்பே இடை டோஸ் கொடுக்க சிஸ்டர் சொன்னார். அதற்குப் பிறகுதான் குளியல் சண்டை ஓய்ந்தது.

இந்த நோட்டு இல்லாமல் டாக்டரால் டோஸை மாற்ற முடியாது. மூன்றாவது வாரம் ஒரே நாளில் நான்கு இடை டோஸ் போனது. 24 உடன் நான்கு இரண்டு எட்டு, ஆக 32. அதை ஆறால் வகுத்தால் ஐந்தே கால் சொச்சம். டாக்டர் நேர டோஸை 5 மில்லிகிராம் ஆக்கினார். நாளின் மொத்தம் 30 ஆனதால் இடை டோஸும் 3 ஆனது. நேர டோஸ் ஏறும்போது இடை டோஸும் ஏற வேண்டும். அவர்கள் மறந்தால் நீங்கள் கேளுங்கள்.

4. மலச்சிக்கல் மருந்து அதே நாளில்

முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமும் கொஞ்சம் குமட்டலும் இருக்கும், பெரும்பாலும் பழகிவிடும். மலச்சிக்கல் மட்டும் பழகாது. மார்ஃபின் தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும் தொடங்க வேண்டும். எங்களுக்கு லாக்டுலோஸ் மட்டும் போதவில்லை, குடலைத் தூண்டும் மருந்து ஒன்றையும் சேர்த்தபின்தான் சரியானது. நான்கு நாள் போகாமல் இருந்து திடீரென்று தண்ணீராகப் போனால் பேதி என்று எண்ணி மலமிளக்கியை நிறுத்திவிடாதீர்கள். அடைத்துக்கொண்டிருப்பதன் ஓரமாகக் கசிவதாகவும் இருக்கலாம், கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

5. மருந்துப் பெட்டி

சாதாரண மெடிக்கல் ஷாப்பில் மார்ஃபின் கிடைக்காது, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில்தான் கிடைக்கும். கையிருப்பு ஒரு வாரத்துக்குக் கீழே போகும் முன் போய் வாங்குங்கள். பொங்கல் விடுமுறையில் ஒரு முறை ஏழே மாத்திரையோடு மாட்டிக்கொண்டோம். திடீரென்று நிறுத்தவும் கூடாது, உடம்பு பழகியிருக்கும்.

பூட்டுப் போட்ட எவர்சில்வர் டப்பா, பீரோ மேல். வாந்தி, வலிப்பு, தொண்டையில் கரகரப்பு, பதற்றம் என மற்ற மருந்துகளும் அதிலேயே. ஒவ்வொன்றின் மேலும் எதற்கு, எவ்வளவு, எத்தனை முறை என்று ஒட்டிய சீட்டு.

6. அம்மா கேட்ட கேள்விகள்

என் அம்மா மாத்திரை அட்டையைப் பார்த்ததும் கேட்டது: "அபின்தானேடா இது? பழகிப்போயிட்டா?" எனக்கும் அதே பயம் இருந்தது. உடம்பு பழகுவது வேறு, போதைக்கு அடிமையாவது வேறு என்று சிஸ்டர் விளக்கினார். வலி குறைந்தால் டோஸைப் படிப்படியாகக் குறைக்கலாம். ஐந்தாவது வாரம் முதுகில் கதிர்வீச்சு கொடுத்தபின் எங்களுக்கு உண்மையிலேயே குறைத்தார்கள். கேட்டு அடம்பிடிக்கவில்லை, கேரம் ஆட உட்கார்ந்தான்.

இப்போதே கொடுத்தால் கடைசியில் வேலை செய்யாதே என்று மனைவி பயந்தாள். மார்ஃபினுக்கு இவ்வளவுதான் என்ற உச்ச அளவு கிடையாது. வலி கூடினால் கூட்டலாம், கடைசிக்கென்று சேமிக்க வேண்டியதில்லை.

மூன்றாவது பயத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கடைசி இரண்டு நாளில் அவன் மூச்சு விட்டு விட்டு வந்தது. சிஸ்டர் வந்து பார்த்து, கண்மணியைப் பார்த்து, நோட்டைப் பார்த்து, இரண்டு வாரமாக டோஸ் மாறவில்லை, இது நோயின் மூச்சு, மருந்தின் மூச்சு இல்லை என்றார். அளவை மாற்றாமல் தொடரச் சொன்னார். விழுங்க முடியாததால் கன்னத்துக்குள் துளித்துளியாக விட்டோம்.

அவன் போனது அதிகாலை மூன்றே காலுக்கு. இரண்டு மணி டோஸை நான்தான் கொடுத்திருந்தேன். பல மாதம் அந்த ஒன்றே கால் மணி நேரத்தைச் சுற்றியே வந்தேன். பிறகு சிஸ்டரிடம் கேட்டேன். "நாலு மணிக்கொரு தரம் கொடுக்கிற மருந்து சார். எந்த நேரத்துல போயிருந்தாலும் நாலு மணி நேரத்துக்குள்ள ஒரு டோஸ் இருந்திருக்கும்" என்றார். நோட்டை எடுத்துப் பார்த்தேன். பதினொரு வாரமாக அதே இரண்டு மணி, கடைசிப் பதினைந்து நாளாக அதே அளவு.

மிச்ச மாத்திரைகளைக் குப்பையில் போடாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும். 23 இருந்தன. சிஸ்டர் மேஜையில் கொட்டி இரண்டு முறை எண்ணி, பதிவேட்டில் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார். நோட்டையும் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். "அது உங்களுதுதான் சார்" என்றார்.