பொதுச்சுவர் ஓரம் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுமுன் பக்கத்து வீட்டுக்கு எழுதும் கடிதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், புதிதாகச் சைட் பார்க்கத் தொடங்கிய தம்பி ஒருவர் பக்கத்து வீட்டுக்கு எழுதிய கடிதத்தைக் காட்டினார். "தங்கள் சுவருக்கு எந்தப் பாதிப்பும் வராது" என்று இருந்தது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

வாக்குறுதி மட்டும் கொடுப்பது

என்ன செய்யப்போகிறோம் என்பதை எழுதுங்கள். பழைய காம்பவுண்ட் சுவரின் கடைக்கால் பல இடங்களில் இரண்டடிதான் இறங்கியிருக்கும். நம் தூண் குழியோ ஐந்தடி. சுவர் நெடுகத் தோண்டிவிட்டால் அதன் அடிமண் குழிக்குள் சரியும். அதனால் இப்படி எழுதலாம்:

"சுவரோரம் வரும் ஐந்து குழிகளில் முதலில் 1, 3, 5 மட்டும் தோண்டுவோம். கான்கிரீட் போட்டு, மண் நிரப்பிக் கெட்டித்த பிறகே 2, 4. குழிக்குப் பலகை வைத்து முட்டுக் கொடுப்போம். தோண்டிய மண்ணைச் சுவரோரம் குவிக்க மாட்டோம்."

நம் பக்கத்தை மட்டும் படம் எடுப்பது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வரும். வேலைக்கு முந்தின நாள் சாயங்காலம் சுவரை நாற்பது படம் எடுத்து வைத்தேன், எல்லாம் எங்கள் பக்கத்திலிருந்து. மூன்றாம் குழி தோண்டியதும் பக்கத்து வீட்டம்மா, "சமையலறை ஜன்னல் மேல வெடிச்சிருக்கு, வந்து பாருங்க சார்" என்றார். விரிசலுக்குள் பழைய சுண்ணாம்பு தெரிந்தது, ஓரங்கள் மழுங்கியிருந்தன. புது வெடிப்பு என்றால் ஓரம் கூராக, உள்ளே செங்கல் பளிச்சென்று இருக்கும். பழையது என்று எனக்குத் தெரிந்தது. காட்டத்தான் ஒன்றும் இல்லை. அந்த அறைக்குப் பூச்சும் பெயிண்டும் எங்கள் செலவு.

அவர் மேலும் தப்பில்லை. குழி தோண்டிய அன்றுதான் அவர் முதல்முறையாக அந்தச் சுவரை உற்றுப் பார்த்தார்.

ஆகவே கடிதத்திலேயே கேளுங்கள்: "வேலை தொடங்குமுன் உங்களுடன் சேர்ந்து, பொதுச்சுவரின் இரு பக்கமும், அதையொட்டிய உங்கள் அறைகளும் இப்போது இருக்கும் நிலையைப் பதிவு செய்ய விரும்புகிறோம். வசதியான நாளைச் சொல்லுங்கள்."

போகும்போது ஒவ்வொரு விரிசலுக்கும் எண் கொடுத்து, பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். விரிசல் முடியும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டி நீண்டால் அது புதுசு. பெரிய விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டின் இரு முனையையும் சிமென்டால் ஒட்டிவிடலாம். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். அப்போது வேலையை நிறுத்துவோம் என்பதும் கடிதத்தில் இருக்கட்டும்.

ஜேசிபி வந்த பிறகு கடிதம் கொடுப்பது

இரண்டு வாரம் முன்பே கொடுங்கள்.

கையெழுத்து வாங்காமல் விடுவது

பதிவு இரண்டு பிரதி. இரண்டிலும் இருவர் கையெழுத்து, தேதி. அப்புறம்தான் முதல் மண்வெட்டி.